கடைப் பெயரை போனிடம் சொல்லிப் பார்த்தீர்களா?

மூக்குப்பொடிக்கு வைத்த பெயருக்காக நடந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றுவந்த சென்னை நிறுவனம் ஒரு பக்கம். 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரைத் தன் பொடிக்குப் பதிவு செய்யக் கேட்ட வியாபாரி மறுபக்கம். லேபிளைப் பார்த்தால் குழப்பமே வராது. ஒன்றில் அம்பாள் படம், இன்னொன்றில் ஆண்டாள் படம். கோவிலுக்குப் போகிற யாருக்கும் இரண்டு பேரும் வேறு வேறு என்று தெரியும். ஆனாலும் 1969இல் வந்த தீர்ப்பில் ஆண்டாள் தரப்பு தோற்றது. பார்வைக்கு ஒற்றுமை இல்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பெயரைக் கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் போதாது, காதாலும் ஒப்பிட வேண்டும் என்றது. மூக்குப்பொடி வாங்குகிற எல்லோரும் தெற்கத்தி இந்துக்கள் அல்ல, தெய்வங்களின் வேறுபாடு எல்லாருக்கும் தெரிந்திருக்காது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பை இன்று படிக்கும்போது, பெட்டிக்கடைக்காரர் இருந்த இடத்தில் ஒரு போனை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்கிறார். கேட்கிற காதுக்கு லேபிள் தெரியாது, படம் தெரியாது, போர்டின் நிறம் தெரியாது. அம்பாளுக்கும் ஆண்டாளுக்கும் நடுவில் மாறுவது நடுவில் வரும் ஒரு மெல்லொலியும் அதை ஒட்டிய வல்லொலியும்தான். சொல்லின் முதல் உயிர் நீள்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மூக்கொலிகளைப் பிரித்தறிவது மனிதக் காதுக்கே சிரமம். சத்தமான இடத்தில் இயந்திரத்துக்கும் அதே சிரமம்தான்.

ஆனால் போன் தவறாகக் கேட்கும் விதம் பெட்டிக்கடைக்காரர் தவறாகக் கேட்கும் விதத்திலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. கடைக்காரருக்குப் புரியாவிட்டால் "என்ன கேட்டீங்க?" என்பார். போன் பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை. தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றி எழுதிக்கொண்டு தேடப் போய்விடும். வாடிக்கையாளர் திரையில் வேறொரு கடையைப் பார்க்கிறார், அங்கே போகிறார். உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் போனதே தெரியாது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்தால்தான் பெயர் வைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபடும். நாம் பேசும் ஒலியை இயந்திரம் சுமார் 25 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக, ஒரு நொடிக்கு நூறு துண்டு என்ற கணக்கில் வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்த்து, இது 'ம'வாக இருக்கலாம், 'ந'வாகவும் இருக்கலாம் என்று வாய்ப்புகளைக் கணக்கிடுகிறது. இதோடு முடிந்தால் அது சொன்னதைச் சொன்னபடி எழுதும் கருவியாக இருந்திருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. இந்த ஒலிகளை வைத்து எழுதக்கூடிய சொற்களில் மக்கள் அதிகம் எழுதுவது எது, பக்கத்துச் சொற்களோடு பொருந்துவது எது என்று அது பார்க்கிறது. பழைய முறைகளில் இந்த இரண்டு கணக்குகளும் தனித்தனியாக நடந்தன. இப்போதைய முறைகளில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. விளைவு ஒன்றுதான்: ஒலி சற்றே மங்கலாக இருந்தால், அதிகம் புழங்கும் சொல் ஜெயிக்கும்.

பிராண்ட் பெயரோ பெரும்பாலும் யாரும் புழங்காத சொல். புதிதாக இருக்க வேண்டும் என்றே தேடிப்பிடித்து வைப்பது. ஆகவே புதுப் பெயருக்கு இந்தக் கணக்கு இயல்பிலேயே பாதகமானது.

அமெரிக்காவில் வாடகைக் கார் நிறுவனமான Lyft இதற்கு நல்ல உதாரணம். வாயால் சொன்னால் அது 'லிஃப்ட்'. ஆங்கிலத்தில் தூக்குவதற்கும் அதே ஒலி. எழுத்தில் வைத்த i-க்குப் பதிலான y, காதுக்கு எட்டவே எட்டாது. புகைப்படத் தளமான Flickr-இல் ஓர் எழுத்தை விட்டார்கள். காதுக்கு அது மினுமினுப்பைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல்தான். இவையெல்லாம் இன்று தப்பித்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கானோர் தேடித்தேடி, 'லிஃப்ட்' என்ற ஒலிக்குப் பக்கத்தில் கார், ஏர்போர்ட் போன்ற சொற்கள் வந்தால் நிறுவனத்தைக் குறிக்கிறது என்று இயந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது பணமும் விளம்பரமும் காலமும். திண்டுக்கல்லில் நேற்று திறந்த கடைக்கு அந்த வசதி கிடையாது. பெரிய நிறுவனங்களைப் பார்த்து எழுத்தை விட்டும் மாற்றியும் பெயர் வைக்கும் சிறு வியாபாரிகள் இதை யோசிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காதில் விழுந்ததும் எழுதத் தெரியாத பெயரின் விலை என்ன என்பதற்கு, போன் உதவியாளர்கள் பரவுவதற்கு முன்பே ஒரு சாட்சி உண்டு. அமெரிக்க இணையக் கடையான ஓவர்ஸ்டாக், 2011இல் தன்னை O.co என்று சுருக்கிக்கொண்டு பெரிய அளவில் விளம்பரம் செய்தது. விளம்பரத்தைக் கேட்டவர்கள் பலர் பழக்கத்தில் O.com என்று தட்டினார்கள். சீக்கிரமே பழைய பெயருக்கே நிறுவனம் திரும்பியது.

இன்னும் ஆபத்தான பக்கமும் இருக்கிறது. அமேசானின் அலெக்ஸாவில் வெளியார் உருவாக்கும் சிறு சேவைகளை, அவற்றின் பெயரைச் சொல்லித் திறக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அலெக்ஸா சில சொற்களைத் தற்செயலாக அல்லாமல் ஒரே மாதிரியாகத் தவறாகக் கேட்கிறது என்று காட்டினார்கள். நிலக்கரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, அழைப்பதைக் குறிக்கும் சொல்லாக அது திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு தவறு இப்படி நிச்சயமாக நடக்கும் என்றால், அந்தத் தவறான சொல்லையே பெயராக வைத்து வேறொருவர் போலிச் சேவையைப் பதிவு செய்ய முடியும். Capital One என்ற வங்கிப் பெயருக்கு Capital Won என்று ஒரே ஒலியுள்ள பெயரைப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று வேறு ஆய்வாளர்களும் எச்சரித்தார்கள்.

அந்த ஆய்விலிருந்து கடைக்காரருக்குத் தேவையான பாடம் ஒன்றை எடுக்கலாம். தவறுகளில் இரண்டு வகை உண்டு. எல்லோர் வாயிலிருந்தும் ஒரே தவறான சொல்லாக விழுவது ஒன்று. ஆளுக்கு ஒன்றாகச் சிதறுவது மற்றொன்று. முதல் வகையைச் சமாளிக்கலாம். அந்தத் தவறான சொல்லையும் நமக்கே சொந்தமாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டாவது வகைக்கு மருந்து இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழை 2017 ஆகஸ்டில் சேர்த்தது. அதன்பின் தமிழில் பேசித் தேடுவது எளிதாயிற்று. ஆனால் நம்மில் பலருடைய போன் இன்னும் இந்திய ஆங்கிலத்தில்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அதே போனிடம் தமிழ்ப் பெயரைச் சொல்கிறோம். ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு காதுகளில் விழுகிறது: தமிழ்ச் சொற்களை எதிர்பார்க்கும் காது, ஆங்கிலச் சொற்களை எதிர்பார்க்கும் காது. தமிழ்நாட்டுக் கடைப் பெயர் இரண்டிலும் பிழைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பெயர் ஆலோசனைகளில் இந்தச் சிக்கல் இருக்காது.

ஒரு பேச்சுக்கு, ஈரோட்டில் ஒருவர் குழந்தைகளுக்கான பருத்தி உடைகள் தைத்து விற்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் முதலில் இருக்கும் பெயர் 'யாழி'. அழகான பெயர். இப்போது சொல்லிப் பார்ப்போம். முதல் சிக்கல் ழகரம். பாதிப் பேர் 'யாளி' என்பார்கள், சிலர் 'யாலி' என்பார்கள். தமிழ்க் காதுக்கோ கோவில் தூணில் நிற்கும் யாளி என்ற சொல் ஏற்கெனவே தெரியும். எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் பக்கம் அது சாயும். தேடினால் சிற்பங்கள் வரும். ஆங்கிலக் காதில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒலியே இல்லை. ர, ல, ட என்று ஏதோ ஒன்றாக அதைப் பிடித்துக்கொண்டு, கையில் கிடைத்த ஆளின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதும். சரியாகவே கேட்டாலும் எழுத்தில் Yazhi, Yaazhi, Yaali, Yali என்று நான்கு வழி. இரண்டே அசை உள்ள சொல் என்பதால், ஓர் ஒலி தவறினால் மீதியை வைத்து ஊகிக்கவும் இடமில்லை. தவறுகள் சிதறும். இந்தப் பெயர் பிழைக்காது.

அடுத்து அவர் 'மேகமணி' என்று யோசிக்கிறார். நான்கு அசை, ழகரம் இல்லை, தமிழில் எழுத ஒரே வழி. தமிழ்க் காதில் தேறிவிடும். ஆனால் ஆங்கிலக் காதுக்கு இது அச்சு அசலாக 'மெகா மணி'. பணத்தைப் பற்றிய இரண்டு ஆங்கிலச் சொற்கள் தயாராகக் காத்திருக்கும்போது, இயந்திரம் மேகத்தையும் மணியையும் தேடிப் போகாது. லாட்டரிச் சீட்டு, கடன் செயலி என்று தேடல் திசைமாறும். குழந்தை உடைக் கடைக்கு இது வேண்டாத சங்கதி.

மூன்றாவதாக ஒரு பெரியவர் 'மணிக்கூண்டு' என்று யோசனை சொல்கிறார். இதை இயந்திரம் சரியாகக் கேட்கும். அங்கேதான் வேறொரு வலை இருக்கிறது. மணிக்கூண்டு பல ஊர்களில் இருக்கிறது, பஸ் நிறுத்தப் பெயராகவும் இருக்கிறது. மேப்பில் சொன்னால் கடைக்குப் பதிலாக மணிக்கூண்டுக்கே வழி காட்டும். கேட்பதில் தேறிய பெயர் தேடுவதில் தோற்றுப்போகும். இந்த வகைத் தோல்வியைப் பலரும் கவனிப்பதில்லை. திரையில் எழுத்து சரியாக வந்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள்.

கடைசியாக 'நீலக் குருவி'. இரண்டு சொல்லும் குழந்தைக்கும் தெரிந்தவை, அதனால் தமிழ்க் காது தடுமாறாது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம், அதனால் தேடலில் கூட்டம் குறைவு. ஆங்கில எழுத்திலும் Neela என்பது பெண்களின் பெயராகப் பழகியது. Kuruvi என்ற எழுத்துக்கூட்டலை 2008இல் வந்த விஜய் படம் நிலைநிறுத்திவிட்டது. குறை இல்லாமல் இல்லை. பெயரை மட்டும் தனியாகச் சொன்னால் பறவைப் படங்கள் வரும். 'நீலக் குருவி டிரஸ்' என்றோ ஊர்ப் பெயரோடோ சொன்னால்தான் கடை வரும். தொழிலைச் சொல்லும் ஒரு சொல்லை போர்டிலும் பில்லிலும் பெயரோடு சேர்த்தே அச்சிட்டால், வாடிக்கையாளர் வாயிலும் அது சேர்ந்தே வரும்.

தெரிந்த சொற்கள், தெரியாத சேர்க்கை. எனக்குத் தெரிந்து தமிழ்ப் பெயர்களுக்கு இதைவிட நம்பகமான பாதை இல்லை. அமேசானே அலெக்ஸா சேவைகளின் பெயருக்கு ஏறக்குறைய இதையே விதியாக வைத்திருக்கிறது: அந்தப் பிராண்டுக்கே உரிய தனிச்சொல்லாக இருந்தாலொழிய ஒற்றைச் சொல் பெயர் கூடாது, எண்களை இலக்கமாக எழுதாமல் சொல்லாக எழுத வேண்டும். எண் விதி நம் ஊருக்கும் பொருந்தும். பெயரில் 2 என்று போட்டால் ஆங்கிலக் காதுக்கு அது மூன்று வெவ்வேறு சொற்களின் ஒலி. 4 போட்டாலும் அப்படியே.

அப்படியானால் ழகரத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். இயந்திரத்துக்காக மொழியைச் சுருக்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது, அதற்கான தேவையும் இல்லை. ழகரம் தனியாக ஒரு குட்டிச் சொல்லில் நின்றால்தான் ஆபத்து. 'மழை', 'வாழை', 'பழம்' என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்குள் இருந்தால், சொல்பவர் 'மளை' என்றாலும் தமிழ்க் காது 'மழை' என்றே எழுதும். அதிகம் புழங்கும் சொல் ஜெயிக்கும் என்ற அதே கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. 'பழமுதிர்' என்ற பெயரைத் தாங்கிய கடைகள் தமிழ்நாடு முழுக்க வாடிக்கையாளர் வாயில் புழங்குகின்றன. ழகரம் அவற்றுக்குத் தடையாக இருக்கவில்லை.

ஒலிகளில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் வலுவில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டிலும், காரின் மைக்கிலும் பல சமயம் இதே குறுகிய பட்டைதான் கிடைக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே கடையைத் தேடுகிறவர் சொல்லும் பெயர் 'ஸ்'ஸை நம்பி இருந்தால், அது போய்ச்சேராமல் போகலாம். க, ட, ப போன்ற வல்லொலிகள் வெடித்து வருவதால் கூர்மையாக நிற்கும். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கேமராவுக்கு 'கோடக்' என்று பெயர் வைத்தபோது, சுருக்கமாக, தவறாக உச்சரிக்க முடியாததாக, வேறு எதையும் நினைவூட்டாததாக இருக்க வேண்டும் என்று பார்த்தார். போன் உதவியாளரைக் கனவிலும் கண்டிராத காலத்தில் வைத்த பெயர், இன்றைய சோதனைக்கும் நிற்கிறது.

சோதனையை எப்படிச் செய்வது? முதலில் உங்கள் போனில் செய்யாதீர்கள். நீங்கள் அந்தப் பெயரை ஏற்கெனவே பலமுறை தட்டியிருப்பீர்கள், தொடர்புகளில் சேமித்திருப்பீர்கள். உதவியாளர் தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களுக்குச் சலுகை தரும். உங்கள் போனில் கிடைக்கும் வெற்றி பொய் வெற்றி. பெயரை எழுத்தில் பார்த்திராத ஆட்களைப் பிடியுங்கள். குடும்பத்தாருக்குப் பெயர் மனப்பாடமாகியிருக்கும் என்பதால் அவர்கள் வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளி மாணவி, எழுபது வயது தாண்டிய ஒருவர் என்று பேச்சுவழக்கு வேறுபடும் பத்துப் பேர் போதும். அவர்களுக்கு போனில் கூப்பிட்டு, பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். அவர்கள் தங்கள் போனில் அதைச் சொல்லித் தேடட்டும்: ஒரு முறை தமிழ் அமைப்பில், ஒரு முறை ஆங்கில அமைப்பில், முடிந்தால் ஒரு முறை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு. திரையில் வந்த எழுத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். "இல்லை, அப்படி இல்லை" என்று நடுவில் திருத்தாதீர்கள். வாடிக்கையாளரை யாரும் திருத்தப்போவதில்லை.

வந்த படங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக வந்து, தவறியவை எல்லாம் ஒரே சொல்லில் விழுந்திருந்தால் பெயரை வைத்துக்கொள்ளலாம். சரியானது பாதி, மீதி ஆளுக்கொரு விதம் என்றால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். போர்டு எழுதுவதற்கு முன் விடுவது சுலபம்.

பெயர் தேறிவிட்டால், அடுத்து ஒலியால் அதற்குப் பக்கத்தில் யாராவது ஏற்கெனவே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் இலவசமாகத் தேடலாம். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அதே பக்கத்தில் Phonetic என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஒலியால் நெருங்கிய பெயர்களை அது காட்டும். உங்கள் பொருள் எந்த வகுப்பில் வருகிறதோ அந்த எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். ஆயத்த ஆடைக்கு அது 25. அங்கே நெருங்கிய பெயர் இருந்தால் இரண்டு தொல்லை: பதிவுக்கு எதிர்ப்பு வரும், பதிவே கிடைத்தாலும் போன் உங்கள் வாடிக்கையாளரை அவர்களிடம் அனுப்பும்.

ஏற்கெனவே பெயர் வைத்துப் பல வருடம் ஆகிவிட்டவர்கள் போர்டை இறக்க வேண்டியதில்லை. கூகுளில் கடையைப் பதிவு செய்திருந்தால், எந்தச் சொற்களைத் தேடி மக்கள் உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதன் செயல்பாட்டு அறிக்கை காட்டும். இணையதளம் இருந்தால் Search Console என்ற இலவசக் கருவியும் அதையே இன்னும் விரிவாகக் காட்டும். அங்கே விசித்திரமான எழுத்துக்கூட்டல்களைத் தேடுங்கள். கையால் யாரும் தட்டமாட்டார்கள் என்று தோன்றும் சொற்கள், உங்கள் பெயரை இயந்திரம் கேட்ட விதமாக இருக்க வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்ப வருகிற ஒன்றோ இரண்டோ இருந்தால், உங்கள் இணையதளத்தில் 'இப்படியும் எங்களைத் தேடுகிறார்கள்' என்று இயல்பான ஒரு வாக்கியத்தில் அவற்றை எழுதிவைக்கலாம். அந்த எழுத்துக்கூட்டலில் இணைய முகவரி கிடைத்தால் வாங்கி, உங்கள் முகவரிக்குத் திருப்பிவிடலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திலும் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்திலும் பக்கத்தில் ஓரிடத்திலாவது சேர்ப்பது, இரண்டு காதுக்கும் கைகொடுக்கும்.

இதைச் செய்யும்போது பலரும் போகும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. கூகுள் பதிவில் கடையின் பெயர் என்ற கட்டத்திலேயே தவறான எழுத்துக்கூட்டல்கள், ஊர், பொருள் எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். போர்டில் இருக்கும் உண்மையான பெயரைத்தான் அங்கே போட வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவையே முடக்கிவிடலாம். பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும். மாற்று எழுத்துக்கூட்டல்களை உங்கள் இணையதளத்தில் வையுங்கள். தொழிலையும் ஊரையும் விவரக் குறிப்பில் எழுதுங்கள்.